ஏழுல நீங்க எத்தனையாவது?

'வெளிக்குப் போனியா?'

நம்ம ஊர் அம்மாக்கள் கேட்கிற கேள்விகளில் 'சாப்பிட்டியா'வுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஹாஸ்டலுக்கு வந்த பிறகும் விடுதலை கிடையாது. போனில் கேட்கிறார்கள். 'ம்' என்றால் மேட்டர் ஓவர். 'இல்லம்மா, ரெண்டு நாளாச்சு' என்று சொல்லிவிட்டால் போச்சு! விளக்கெண்ணெயில் ஆரம்பித்து கடுக்காய் வரைக்கும் வைத்தியம் வரிசை கட்டி வரும்.

கேள்வியில் தப்பில்லை பாஸ். ஆனால், அது பாதிக் கேள்விதான். போனியா, போகலையா என்று மட்டும்தான் கேட்கிறோம். எப்படிப் போனது என்று யாரும் கேட்பதே இல்லை. மலச்சிக்கல் இருக்கா, இல்லையா என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தக் கேட்காத கேள்வியில்தான் இருக்கிறது.

இதற்குச் சரியான சாட்சி எங்கள் ஹாஸ்டலிலேயே இரண்டு பேர். ஒருவன் சிவில், இன்னொருவன் மெக்கானிக்கல். பெயர் போடக்கூடாது என்ற கண்டிஷனில்தான் இதை எழுத விட்டார்கள். அதனால் டிபார்ட்மென்ட்டே அவர்களுக்குப் பெயராக இருக்கட்டும்.

சிவில்காரனுக்கு தினமும் போகாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் இடைவெளி. 'எனக்குத் தீராத மலச்சிக்கல் மச்சி' என்பது அவன் ஸ்டேட்மென்ட். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் நாட்டு மருந்துக்கடை நிலவகைப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்துவிட்டுப் படுப்பான். சனிக்கிழமை லீவு என்பதால் அப்படி ஒரு ஷெட்யூல்.

மெக்கானிக்கல்காரனோ தினமும் தவறாமல் போகிறவன். அதில் அவனுக்கு ஒரு பெருமையே உண்டு. சிவில்காரனை 'வாராந்திரி' என்று கிண்டல் பண்ணுவான். ஆனால், இரவு பதினொரு மணிக்கு உள்ளே போனால் இருபது நிமிஷம் கழித்துத்தான் கதவு திறக்கும். முகமெல்லாம் வேர்த்திருக்கும். 'மொபைல் பார்த்துட்டு இருந்தேன்' என்பான்.

இந்த இரண்டு பேரில் யாருக்கு மலச்சிக்கல்? ப்ளாக்கில் ஓட்டெடுப்பு வைத்தால் சிவில்காரன் டெபாசிட்டோடு ஜெயித்திருப்பான். ஆனால், தீர்ப்பு அப்படி வரவில்லை.

பிரிஸ்டலில் பிறந்த சார்ட்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்று ஒரு நகரம். அங்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கென் ஹீட்டன் என்ற டாக்டருக்கு மனிதக் கழிவுதான் ஆராய்ச்சி. அவரும் ஸ்டீபன் லூயிஸ் என்ற டாக்டரும் சேர்ந்து 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மலத்தை அதன் வடிவத்தை மட்டும் வைத்து ஏழு வகையாகப் பிரிக்கும் அளவுகோல் அது. இன்று உலகம் முழுக்க வயிற்று டாக்டர்கள் பயன்படுத்தும் 'பிரிஸ்டல் ஸ்டூல் சார்ட்' அதுதான்.

ஒரிஜினல் சார்ட்டில் கொட்டை, சாஸேஜ் என்றெல்லாம் உவமை இருக்கும். நம்ம ஊருக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கவும்.

டைப் 1: ஆட்டுப் புழுக்கை. தனித்தனியாக, உருண்டையாக, கல்லு மாதிரி. வெளியே வரவே கஷ்டப்படுத்தும்.

டைப் 2: அதே புழுக்கைகளைச் சேர்த்து அமுக்கி நீளமாகச் செய்த மாதிரி. ஒரே துண்டுதான், ஆனால் மேடு பள்ளமாகக் கட்டி கட்டியாக இருக்கும்.

டைப் 3: நீளமானது, உருவம் சீராக இருக்கும். மேலே மட்டும் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்புகள்.

டைப் 4: வழவழவென்று, மென்மையாக, உரித்த வாழைப்பழம் மாதிரி. முக்காமல் நழுவி வரும்.

டைப் 5: மெத்தென்ற சின்னச் சின்னத் துண்டுகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓரம் தெளிவாகத் தெரியும்.

டைப் 6: ஓரமெல்லாம் பிய்ந்து, கூழாகக் குழைந்தது.

டைப் 7: கட்டி என்று எதுவுமே இல்லாத முழுத் தண்ணீர்.

1, 2 இரண்டும் கெட்டி வகை. 6, 7 இரண்டும் இளகல் வகை. நடுவில் இருக்கிற மூன்றும் சாதாரணம். அதிலும் 3, 4 வந்தால் சந்தோஷமாகக் கை கழுவிவிட்டு வரலாம். வெடிப்பைப் பார்த்துப் பயந்து டைப் 3-ஐ மலச்சிக்கல் கணக்கில் சேர்க்கிறவர்கள் நிறைய. அது சாதாரணம்தான். கட்டி கட்டியாகத் துருத்திக்கொண்டு இருந்தால்தான் டைப் 2.

வடிவம் ஒரு கடிகாரம்

வடிவத்தைப் பார்த்து உள்ளே நடப்பதை எப்படிச் சொல்ல முடியும்? விஷயம் தண்ணீரில் இருக்கிறது.

சிறுகுடல் வேலையை முடித்துவிட்டுப் பெருங்குடலுக்கு அனுப்புவது கிட்டத்தட்ட கஞ்சி மாதிரியான ஒரு திரவம். ஒரு நாளைக்கு சுமார் ஒன்றரை லிட்டர். பெருங்குடல் அதை மெதுவாக நகர்த்திக்கொண்டே தண்ணீரை உறிஞ்சும். கடைசியில் மலத்தோடு வெளியே போகும் தண்ணீர் நூறு, இருநூறு மில்லிதான். எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவு காயும். ரொம்ப நேரம் கிடந்தால் காய்ந்து உடைந்து புழுக்கையாகும். தங்காமல் ஓடினால் கூழாக வரும். ஆக, வடிவம் என்பது தங்கிய நேரத்தைக் காட்டும் ஒரு கடிகாரம்.

லூயிஸும் ஹீட்டனும் இதை அளந்தே பார்த்தார்கள். 66 பேரை எக்ஸ்ரேயில் தெரியும் சின்ன மணிகளை விழுங்க வைத்து, வாயிலிருந்து வெளியே வரும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். கூடவே அவர்கள் எத்தனை தடவை போனார்கள், என்ன வடிவத்தில் போனார்கள் என்று டைரி. பயண நேரத்தோடு வடிவத்துக்கு இருந்த தொடர்பின் அளவு 0.54. எத்தனை தடவை என்பதற்கு இருந்தது வெறும் 0.35. மேத்ஸ் பேப்பரில் கோரிலேஷன் போட்டவர்களுக்குப் புரியும், 0.54 என்பது ஒன்றும் சென்டம் இல்லை. ஆனால், தடவையை எண்ணுவதைவிட வடிவத்தைப் பார்ப்பது நல்ல மீட்டர்.

அப்புறம் அதே ஆட்களில் பலருக்கு சென்னா என்ற மூலிகை மருந்தைக் கொடுத்துக் குடலை வேகப்படுத்தினார்கள். வடிவம் இளகல் பக்கம் நகர்ந்தது. லோபெரமைடு கொடுத்து மெதுவாக்கியபோது கெட்டிப் பக்கம் திரும்பியது. அந்த சென்னா வேறு எதுவும் இல்லை, நம்ம சிவில்காரனின் நிலவகைதான். திருநெல்வேலிச் சீமையில் விளைவதால் 'தின்னவேலி சென்னா' என்றே அதற்கு வெளிநாட்டில் பெயர்.

'தினமும் ஒரு தடவை' என்ற சட்டம் என்ன ஆனது? ஹீட்டன் குழு கிழக்கு பிரிஸ்டலில் 838 ஆண்களையும் 1,059 பெண்களையும் கணக்கெடுத்து 1992-ல் வெளியிட்டது. கடிகாரம் மாதிரி 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை போனவர்கள் ஆண்களில் 40 சதவிகிதம், பெண்களில் 33 சதவிகிதம்தான். நாம் 'நார்மல்' என்று நினைக்கும் பழக்கம் அந்த ஊரில் பாதிப் பேருக்குக்கூட இல்லை! நாளைக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை, கஷ்டமில்லாமல் போனால் எல்லாமே சாதாரணம் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை.

பதினாலு நாள் டைரி

ஒரு நாள் வடிவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. கல்யாண வீட்டுச் சாப்பாடு, பஸ் பயணம், பரீட்சை ஜுரம் எதுவும் ஒரு நாள் கணக்கை மாற்றிவிடும். அதனால் இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு கிராஃப் ஷீட்டைக் கொடுத்தேன். பதினாலு நாள், ஞாயிறு தொடங்கி. போன நாளில் டைப் நம்பர், முக்க வேண்டியிருந்ததா, முழுசாகப் போன திருப்தி இருந்ததா. மூன்றே காலம்தான். சிவில்காரனுக்கு எக்ஸ்ட்ராவாக ஒரு நிபந்தனை, பதினாலு நாளும் பொடி கூடாது.

தீர்ப்புச் சொல்ல ஒரு விதி வேண்டுமே? வயிற்று டாக்டர்கள் 2016-ல் வெளியிட்ட 'ரோம் 4' விதிமுறை இருக்கிறது. அதன் சாரம் இது. போகிற தடவைகளில் கால் பங்குக்கு மேல் முக்க வேண்டியிருக்கிறதா? கால் பங்குக்கு மேல் டைப் 1 அல்லது 2 வருகிறதா? கால் பங்குக்கு மேல் மிச்சம் இருக்கிற மாதிரியோ அடைத்துக்கொண்ட மாதிரியோ தோன்றுகிறதா, கையால் உதவ வேண்டியிருக்கிறதா? வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவாகப் போகிறதா? இவற்றில் இரண்டாவது இருக்க வேண்டும். அதுவும் ஆறு மாதம் முன்பே தொடங்கி, கடைசி மூன்று மாதமாக நீடிக்க வேண்டும். மருந்து இல்லாமல் இளகிப் போவது அபூர்வமாக இருக்க வேண்டும். கவனியுங்கள், தடவை எண்ணிக்கை இந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான்.

முதலில் சிவில்காரன் ஷீட். டைரி தொடங்குவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, பொடியின் புண்ணியத்தில் ஒரு 6, இரண்டு 7. ஞாயிறு காலி, திங்கள் காலி. திங்கள் ராத்திரி என் ரூமுக்கு வந்து, 'பார்த்தியா, அடைச்சிருச்சு' என்று ஒரே புலம்பல். செவ்வாய்க்கிழமை தானாகவே டைப் 3. அப்புறம் வியாழன், சனி இரண்டும் 4. அடுத்த வாரம் ஞாயிறு 3, செவ்வாய் 4, வியாழன் 3, சனி 4.

மொத்தம் ஏழு தடவை. முதல் வாரம் மூன்று, இரண்டாவது வாரம் நான்கு. டைப் 1, 2 பூஜ்யம். முக்கியது ஒரே ஒரு தடவை, ஏழில் ஒன்று, கால் பங்குக்கும் கீழே. விதியில் ஒரு வரிகூட அவனுக்குப் பொருந்தவில்லை. அவன் குடல் கொஞ்சம் நிதானமானது, அவ்வளவுதான். வியாதி இல்லை.

அப்படியானால் இத்தனை மாதமாக அவன் பட்ட அவஸ்தை? அங்கேதான் ஒரு வட்டம் ஒளிந்திருக்கிறது. சாதாரணமாகப் போகும்போது பெருங்குடலின் கடைசிப் பகுதி மட்டும்தான் காலியாகும். நிலவகை மாதிரி மருந்து கடைசிப் பகுதியோடு நிற்காமல் மேலே இருப்பதையும் சேர்த்துத் துடைத்துவிடும். காலியான டேங்க் மறுபடி நிரம்ப இரண்டு, மூன்று நாள் ஆகத்தான் செய்யும். அந்த நாட்களில் போகாமல் இருப்பது நியாயம், ஏனென்றால் உள்ளே சரக்கே இல்லை. இதைப் 'போகலை' என்று எடுத்துக்கொண்டு மறுபடி பொடி. மறுபடி காலி டேங்க். பொடி போட்டதால் வந்த இடைவெளியே அடுத்த பொடிக்குக் காரணமாகிவிடுகிறது.

இப்போது மெக்கானிக்கல்காரன் ஷீட். பதினாலு நாளும் ஆஜர், நூறு சதவிகித அட்டெண்டன்ஸ். ஆனால் கட்டங்களுக்குள் பார்த்தால் டைப் 1 ஐந்து தடவை, டைப் 2 மூன்று, டைப் 3 நான்கு, டைப் 4 இரண்டு. கெட்டி வகை மட்டும் பதினாலில் எட்டு. பாதிக்கு மேல்! முக்கியது ஒன்பது தடவை. திருப்தி இல்லாதது ஆறு தடவை. கால் பங்கு என்ற கோட்டை மூன்று வரிகளில் தாண்டிவிட்டான். ஃபர்ஸ்ட் இயரிலிருந்தே இப்படித்தான் என்றான். தினமும் போகிறவனுக்குத்தான் மலச்சிக்கல். அவன் தினமும் வெளியேற்றியது மூன்று நாள் முந்தின சாப்பாட்டின் காய்ந்த மிச்சத்தில் கொஞ்சம்.

ஷீட்டில் இன்னொரு சங்கதியும் இருந்தது. எட்டுக் கெட்டி நாட்களும் திங்கள் முதல் வெள்ளிக்குள்தான். நான்கு வார இறுதி நாட்களிலும் 3 அல்லது 4. ஒரே மெஸ், ஒரே சாம்பார், அப்புறம் எப்படி? காலேஜ் நாளில் எட்டே முக்காலுக்கு முதல் பீரியட். எட்டு மணிக்கு டிபன். சாப்பிட்டவுடன் இரைப்பை விரிந்து பெருங்குடலைத் தட்டி எழுப்பும், அது எல்லோருக்கும் நடக்கிற அனிச்சைச் செயல். அவனுக்கும் எட்டேகாலுக்கு வரும். ஆனால் அப்போது ஃப்ளோரில் நாலு டாய்லெட், வாசலில் ஏழெட்டுப் பேர் பக்கெட்டோடு. அடக்கிக்கொண்டு கிளாஸுக்கு ஓடுவான். அடக்கினால் அந்த உந்துதல் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், குடலும் மந்தமாகும். ராத்திரி பதினொரு மணி வரை உள்ளே இருப்பதிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். சனி, ஞாயிறில் க்யூ இல்லை, அதனால் சிக்கலும் இல்லை.

கடைசியில்தான், ரொம்பத் தயங்கி, இன்னொன்றைச் சொன்னான். இரண்டு மாதமாகச் சில நாட்களில் பளிச்சென்று சிவப்பாக ரத்தம். கத்தியால் கீறுகிற மாதிரி வலி. 'மூலம்' என்று தானே முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். இருபது வயதுப் பையன் ராத்திரியெல்லாம் அதை நினைத்துப் பயந்துகொண்டு படுத்திருந்திருக்கிறான்.

ரத்தம் என்று வந்தபிறகு சார்ட்டுக்கு அங்கே வேலை இல்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பரிசோதித்துவிட்டுச் சொன்னது மூலம் இல்லை, ஆசனவாயில் வெடிப்பு. கெட்டி மலம் கிழித்த கிழிசல். மலத்தை இளக்க மருந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவது, அடக்காமல் இருப்பது என்று மூன்று வேலை கொடுத்தார். மருந்து முடிந்த பிறகு தினமும் ஒரு ஸ்பூன் இசப்கோல் உமி, பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே கட்டிக்கொள்ளும் என்பதையும் அழுத்திச் சொன்னார்.

பையன் ஏழு மணிக்கு மெஸ் திறந்ததும் முதல் ஆளாக டிபனை முடித்துவிட்டு, ஏழேகாலுக்கு, க்யூ சேர்வதற்கு முன்னால் போக ஆரம்பித்தான். ஆறு வாரம் கழித்து இன்னொரு பதினாலு நாள் ஷீட். பதின்மூன்று தடவையில் கெட்டி வகை இரண்டே இரண்டு. ரத்தம் இல்லை. தடவை ஒன்று குறைந்திருந்தாலும் ஆள் தேறியிருந்தான்.

சார்ட் சொல்லாதவை

இந்த மீட்டருக்கும் எல்லை உண்டு. 2-க்கும் 3-க்கும் நடுவே, 5-க்கும் 6-க்கும் நடுவே குழப்பம் வருவது சகஜம். அதனால்தான் ஒரு நாள் நம்பரைவிடப் பதினாலு நாள் பங்கு முக்கியம். பொடி, மாத்திரை, டானிக் போட்டுக்கொண்டு எழுதுகிற ஷீட் மருந்தின் வேகத்தைக் காட்டுமே தவிர, உங்கள் குடலின் வேகத்தைக் காட்டாது. இரும்புச் சத்து மாத்திரை கெட்டியாக்கும், கறுப்பாகவும் ஆக்கும். கோடீன் கலந்த இருமல் மருந்து குடலையே மந்தமாக்கும். சாப்பிடுகிற மருந்தையும் ஷீட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

வடிவம் 4 ஆக இருந்தும் முக்கி முக்கித்தான் வருகிறது, மிச்சம் இருப்பதாகவே தோன்றுகிறது என்றால் பிரச்னை குடலின் வேகத்தில் இல்லாமல் வாசலில் இருக்கலாம். தளர வேண்டிய தசை தளராமல் இறுக்கிக்கொள்ளும். அதற்கு எவ்வளவு பொடி தின்றாலும் பலன் இல்லை. வைத்தியமும் வேறு. அதேபோல, பல நாள் கெட்டித்துக் கிடந்த பிறகு திடீரென்று 7 வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியின் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்து வருவதாகவும் இருக்கலாம்.

ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, சமீபத்தில் திடீரென்று மாறிய பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் ஏதாவது இருந்தால் பதினாலு நாள் காத்திருக்க வேண்டாம். நேராக டாக்டர். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது எமர்ஜென்ஸி, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டாக்டர் முன்னால் உட்கார்ந்து என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று கூச்சமா? அங்கேதான் இந்த சார்ட் கைகொடுக்கும். 'சார், டைப் 2, வாரத்துல நாலு நாள், ஆறு மாசமா' என்றால் முடிந்தது. வர்ணனையே வேண்டாம்.

சிவில்காரன் பொடியை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இப்போதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அவன் அம்மா போனில் வழக்கமான கேள்வியைக் கேட்டால், 'நேத்து நாலும்மா' என்கிறானாம். 'நாலு தடவையா!' என்று அவர் பதறிப்போய் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்தனுப்பியிருக்கிறார்.